47 காத்திருக்க 63 ஏன் உள்ளே போனார்?

போன மாதம் ஒரு கிராமத்துப் பள்ளியில் இலவசக் கண் சிகிச்சை முகாம். பார்வை பரிசோதிக்கும் மேசை எனக்கு. பதினோரு மணி இருக்கும், டாக்டர் அறை வாசலில் ஒரு பெரியவர் சத்தம் போட ஆரம்பித்தார். "என் நம்பர் 47. இப்ப உள்ள போனது 63. ஆள் பார்த்துத்தான் விடுறீங்களா?" பின்னால் இருந்தவர்களும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள்.

உண்மையில் யாரும் யாரையும் இடையில் நுழைக்கவில்லை. பெரியவருக்குக் கண்பாப்பா விரிவதற்காகச் சொட்டு மருந்து விட்டிருந்தோம். அது வேலை செய்ய 20 முதல் 30 நிமிடம் ஆகும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாப்பா சரியாக விரியாமல், இன்னொரு முறை விட வேண்டியும் வரும். 63 கண்ணாடிக்காக வந்த இளைஞர். அவருக்கு மருந்து வேண்டியதில்லை, நேராக உள்ளே போய்விட்டார். தப்பு எங்கள் மேல்தான். ஒரே வரிசை என்று சொல்லி டோக்கன் கொடுத்துவிட்டு, பாதி வழியில் அதை இரண்டாகப் பிரித்தோம். பிரித்ததை வெளியே யாருக்கும் சொல்லவில்லை.

அன்று மதியத்துக்கு மேல் முறையை மாற்றினோம். டோக்கன் எண் பார்வை மேசை வரைக்கும்தான் செல்லும். அங்கே மருந்து விட்டால், கார்டின் மேல் மூலையில் சிவப்பு மையில் திரும்ப வேண்டிய நேரத்தை எழுதுவோம். 10.20க்கு மருந்து என்றால் 10.50. அதன் பிறகு அவருடைய இடத்தை முடிவு செய்வது அந்த நேரம்தான், டோக்கன் எண் அல்ல. சிவப்பு நேரம் உள்ளவர்களுக்குத் தனி பெஞ்ச். இரண்டு டாக்டர்கள் இருந்ததால் ஒருவர் மருந்து விட்டவர்களை மட்டும் பார்த்தார், இன்னொருவர் மற்றவர்களை. ஒரே டாக்டர் என்றால் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று மாற்றி மாற்றி அழைக்கலாம். எதுவானாலும் மருந்து விடும்போதே ஒரு வரி சொல்லிவிட வேண்டும்: "ஐயா, உங்களுக்கு முன்னாடி வேற நம்பர் போகும், உங்க நேரம் 10.50." இதைச் சொன்ன பிறகு வாசலில் சண்டை வரவில்லை.

அடுத்தது, எந்த எண்ணை அழைக்கிறோம் என்று காட்டும் பலகை. கண் முகாமுக்கு வருகிறவர்களுக்குப் பார்வைதான் பிரச்சினை. அவர்களைப் பலகையைப் பார்த்து வரச் சொல்கிறோம்! நாங்கள் முதலில் வைத்தது ஒரு டிவி. வராந்தா வெயிலில் அதில் எதுவும் தெரியவில்லை. அப்புறம் வகுப்பறைக் கரும்பலகையை வெளியே கொண்டுவந்து சாக்பீஸில் எழுதினோம். எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்கு எங்கள் தொழிலிலேயே கணக்கு உண்டு. நல்ல பார்வை உள்ளவர் 60 மீட்டரில் படிக்கும் எழுத்தை 6 மீட்டரில்தான் படிக்க முடிந்தால் அதை 6/60 பார்வை என்போம். அப்படிப்பட்டவர் 6 மீட்டரில் படிக்க, எழுத்து கிட்டத்தட்ட 9 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். ஒரு சாண் உயரத்துக்கு எழுதினால், அவரே 12 மீட்டர் தள்ளி உட்கார்ந்தும் ஓரளவு படித்துவிடலாம்.

பலகைக்குப் பின்னால் ஜன்னலோ திறந்த வாசலோ இருக்கக் கூடாது. கண்புரை உள்ளவர்களுக்கு எதிர்வெளிச்சம் கூசும், எண் மங்கிவிடும். பாப்பா விரிந்தவர்களுக்கும் அதே கதைதான், கூடவே கையில் இருக்கும் சீட்டையும் படிக்க முடியாது. அதனால் அந்தப் பெஞ்சுக்குப் பலகை உதவாது. ஒரு தன்னார்வலர் கார்டுகளை நேர வரிசையில் அடுக்கி வைத்துக்கொண்டு, பக்கத்தில் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

பலகையில் இரண்டே வரிகள் போதும். மேலே, இப்போது பார்வை மேசைக்கு வர வேண்டிய எண்கள், பத்துப் பத்தாக: 71 – 80. கீழே, கூப்பிட்டும் வராதவர்கள்: 52, 58. டீ குடிக்கப் போனவரை வரிசையின் கடைசிக்குத் தள்ளுவது எனக்குப் பிடிக்காது. வந்ததும் இரண்டு பேருக்குப் பிறகு விடலாம். அடுத்த பத்தை எப்போது அழைப்பது என்பதை டாக்டர் அறையில் இருப்பவர் சொல்ல வேண்டும், பார்வை மேசையில் இருக்கும் நான் அல்ல. நாங்கள் மூன்று பேர் மூன்று நிமிடத்துக்கு ஒருவராக மணிக்கு 60 பேரை அனுப்பிவிடுவோம். இரண்டு டாக்டர்கள், ஆளுக்கு நான்கு நிமிடம் என்றால் மணிக்கு 30 பேரைத்தான் பார்க்க முடியும். மீதி 30 பேரும் அந்த வாசலில்தான் நிற்பார்கள்.

வரிசையை மீறி உள்ளே அனுப்ப வேண்டியவர்களும் உண்டு. திடீரென்று பார்வை போனவர், கண்ணில் சுண்ணாம்போ ஆசிடோ பட்டவர். சுண்ணாம்பு பட்ட கண்ணை டாக்டரிடம் அனுப்புவதற்கும் முன்னால், அங்கேயே சுத்தமான தண்ணீரை நிறைய விட்டுக் கழுவ ஆரம்பிக்க வேண்டும். இவர்களை அனுப்பும்போது காரணத்தை மைக்கில் சொல்லிவிட்டால் யாரும் முணுமுணுப்பதில்லை.

மைக் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. தகரக் கூரைக்குக் கீழே "இருபது", "அறுபது" இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்கும். அன்று இரண்டு நம்பரும் ஒன்றாக எழுந்து வந்தார்கள். இப்போது முழு எண்ணைச் சொல்லிவிட்டு, "ஆறு, சைபர்" என்று பிரித்தும் சொல்கிறோம்.