சரக்கு கடை ஷெல்ஃபுல ஏறினா வித்துடுச்சுன்னு அர்த்தமில்லங்க

இந்த வருஷத்துல இது அஞ்சாவது ஆள். இனிமே ஒவ்வொருத்தருக்கா போன்ல சொல்லிட்டிருக்க முடியாது, அதான் எழுதிப் போட்டுடுறேன். வீட்லயோ சின்ன யூனிட்லயோ ஹெர்பல் ஜெல், க்ரீம், சோப்பு, ஃபேஸ் பேக் பண்றவங்களுக்கு கணக்கு பாக்குறது என் வேலை. வர்றவங்க எல்லாரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறாங்க. "அண்ணே எட்டு கடையில சேல்ஸ் போயிருக்கு, ஆனா கையில காசே இல்ல, கணக்குல எங்கயோ தப்பு இருக்கு, கொஞ்சம் பாருங்க."

கணக்குல தப்பே இல்லம்மா. சேல்ஸே நடக்கல.

போன வாரம் வந்த அக்கா நோட்டுல "விற்பனை - 40 பீஸ்"னு எழுதி அடிக்கோடு வேற போட்டிருந்தாங்க. பில் எங்கன்னு கேட்டா, டெலிவரி சலான் மட்டும்தான் இருக்கு. கடைக்காரர் என்ன சொன்னாருன்னு கேட்டா, "வச்சுட்டு போங்க, வித்தா காசு தர்றேன்". இதுக்குப் பேர்தான் கன்சைன்மென்ட். உங்க சாமான் அவர் அலமாரியில உக்காந்திருக்கு, அவ்ளோதான். அது உங்க சாமான்தான், உங்க ஸ்டாக்குதான், கெட்டுப்போனா உங்க நஷ்டம்தான், உங்க வீட்டு பீரோவுல இருக்கிறதுக்கும் அங்க இருக்கிறதுக்கும் கணக்குப்படி ஒரு வித்தியாசமும் கிடையாது. நான் சொன்னா நம்ப மாட்டீங்கன்னா, ஐஎஃப்ஆர்எஸ் 15னு பெரிய கம்பெனிங்க ஃபாலோ பண்ற கணக்கு விதியும் இதையேதான் சொல்லுது, கன்சைன்மென்ட்டா அனுப்பின சரக்கை டெலிவரி ஆன அன்னைக்கு வருமானம்னு காட்டக் கூடாதுன்னு. கடைக்காரர் கஸ்டமருக்கு வித்தாத்தான் அது உங்களுக்கு சேல்ஸ். இத எத்தனை தடவ சொல்றது! இந்த "விற்பனை"ய நம்பி அடுத்த பேட்ச்சுக்கு எண்ணெயும் பாட்டிலும் கடன்ல வாங்கிடுறாங்க, அங்கதான் மாட்டுறாங்க.

அவுட்ரைட்னா கடைக்காரர் உங்ககிட்ட காசு குடுத்து வாங்குறார், இன்வாய்ஸ் போடுறீங்க, சரக்கு அவருது. விக்கலைன்னா அவர் கவலை. ஆனா விலையை அடிச்சு வாங்குவார்.

"அவுட்ரைட்ல பாதி விலைதானே குடுக்குறாங்க, கன்சைன்மென்ட்ல எனக்கு நூத்துக்கு அறுபத்தஞ்சு வருதே"ன்னு அந்த அக்கா கேட்டாங்க. நியாயமான கேள்விதான். ரெண்டு பேரும் உக்காந்து போட்டுப் பாத்தோம், ஒரே ஒரு பொட்டிக், ஒரே ஒரு கற்றாழை ஜெல். கடையில விக்கிற விலைய 100ன்னு வச்சுக்கோங்க. செய்யிற செலவு பாட்டில், லேபிள் எல்லாம் சேத்து 30. நாலு மாசத்துக்கு முன்னாடி 40 பீஸ் வச்சுட்டு வந்தாங்க. நாலு மாசம் கழிச்சு எண்ணிப் பாத்தப்ப வித்தது 22. டெஸ்டரா திறந்தது 3. யார் எடுத்தாங்கன்னே தெரியாம காணாமப்போனது 4. திரும்பி வந்தது 11, அதுல 6 பீஸ் ஜன்னலோரமா வெயில் பட்டு பச்சை நிறம் போய் மங்கிக் கிடந்துச்சு, 5தான் வேற கடைக்கு குடுக்குற மாதிரி இருந்துச்சு.

வித்த 22க்கு அவங்க பங்கு 1430. 40 பீஸ் செஞ்ச செலவு 1200. உருப்படியா திரும்பி வந்த 5க்கு 150 கூட்டிக்கலாம். மொத்தத்துல மிச்சம் 380. அதே கடைக்காரர் அவுட்ரைட்டா வாங்கியிருந்தா இவ்ளோ எடுத்திருக்க மாட்டார், கூடிப்போனா 24 பீஸ். பாதி விலைன்னா 1200 வரும், 24 பீஸும் ஒரு ஃப்ரீ டெஸ்டரும் செய்ய 750 செலவு, மிச்சம் 450. அதுவும் நாலு மாசம் இழுக்காம. முடங்கின முதலப் பாருங்க, அங்க 1200, இங்க 750. பஸ் ஏறி ஏறி ஸ்டாக் எண்ணப் போனத நான் கணக்குலயே சேக்கல.

உடனே கன்சைன்மென்ட்டே மோசம்னு முடிவுக்கு வந்துடாதீங்க, நான் அத சொல்ல வரல. அந்த காணாமப்போன 4 பீஸ பாருங்க. "கடைக்குள்ள காணாமப்போனா வித்ததா கணக்கு வச்சு காசு தரணும்"னு ஒரே ஒரு வரி எழுதி வாங்கியிருந்தா 260 சேந்து 380 வந்த இடத்துல 640 வந்திருக்கும். அவுட்ரைட்ட விட ஜாஸ்தி! ஆகமொத்தம் 65ஆ 50ஆங்கறது பெரிய விஷயமே இல்ல, காணாமப்போறது, கெட்டுப்போறது, டெஸ்டர் இதெல்லாம் யார் தலையிலன்னு எழுதியிருக்கா இல்லையாங்கறதுதான் விஷயம். எழுதலைன்னா எல்லாம் உங்க தலையிலதான்.

எழுத வேண்டியத சொல்லிடுறேன், நோட்ல குறிச்சுக்கோங்க. எந்த பேட்ச் நம்பர்ல எத்தனை பீஸ் குடுத்தீங்க, எக்ஸ்பைரி எப்போ. மாசத்துல எந்த தேதியில எண்ணுறது, எண்ணின எத்தனாவது நாள் காசு. காணாமப்போனா, உடைஞ்சா கடை பொறுப்பு. டெஸ்டர் இத்தனைதான், அது யார் செலவு. வெயில் படுற இடத்துல வைக்கக் கூடாது. எந்த தேதியோட இந்த ஏற்பாடு முடியுது. கடைசி வரியா, கடையில இருக்கிற சரக்கு காசு கட்டுற வரைக்கும் என்னோடதுன்னு. இது ஏன்னா, கடை திவாலாச்சுன்னா கடன் குடுத்தவங்க வந்து உங்க ஜெல்லையும் சேத்து அள்ளிட்டு போயிடலாம், சில நாடுகள்ல இத பதிவு பண்ணி வச்சாத்தான் உங்க உரிமை நிக்கும், உங்க ஊர் சட்டம் என்னன்னு ஒரு வக்கீல்கிட்ட கேட்டுக்கோங்க.

மாசாமாசம் கடையில இருந்து வர்ற கணக்குல "வித்தது 6"ன்னு மட்டும் இருந்தா வாங்காதீங்க. ஆரம்பத்துல எத்தனை, புதுசா குடுத்தது எத்தனை, வித்தது, டெஸ்டர், திரும்பினது, இப்ப ஷெல்ஃபுல எத்தனை, எல்லாம் இருக்கணும். கூட்டிக் கழிச்சா ஒத்து வரலைன்னா அந்த இடைவெளிதான் காணாமப்போனது, இல்லன்னா வித்துட்டு இன்னும் சொல்லாம வச்சிருக்கிறது. ரெண்டாவதுதான் எனக்கு நிறைய கண்ணுல படுது. யாரையும் திருடன்னு சொல்லல, உங்க காசுல அவர் கரண்ட் பில் கட்டிட்டார், அவ்ளோதான்.

டெஸ்டர் பத்தி ஒரு வார்த்த. ஜாடிய தொறந்து வச்சு ஆளாளுக்கு விரல விட்டு எடுக்க விடாதீங்க, தண்ணி கலந்த ஜெல்லும் க்ரீமும் சீக்கிரம் கெடும், நாறிப்போன டெஸ்டர மோந்து பாத்த கஸ்டமர் அந்த பிராண்ட் பக்கமே திரும்ப மாட்டாங்க. பம்ப் பாட்டில் வைங்க, தொறந்த தேதிய அதுமேல எழுதுங்க. கன்சைன்மென்ட்டுக்கு நான் முதல்ல தள்ளுறது சோப்பும் காஞ்ச பொடி ஃபேஸ் பேக்கும்தான், நாலு மாசம் ஷெல்ஃபுல கிடந்தாலும் பெருசா ஒண்ணும் ஆகாது. ஜெல்ல அங்க நாப்பது பீஸ் கொண்டு போய் கொட்டாதீங்க ப்ளீஸ்.

இப்ப மெடிக்கல் ஷாப். இது வேற உலகம். பொட்டிக் நடத்துறவங்க மோந்து பாப்பாங்க, பாட்டில் அழகா இருக்கா, கதை நல்லா இருக்கான்னு பாப்பாங்க. மெடிக்கல்காரர் பாட்டில திருப்பி பேட்ச் நம்பரும் எக்ஸ்பைரியும்தான் பாப்பார். அவர் முன்னாடி போய் "இது பிம்பிள குணப்படுத்தும், எக்ஸிமாவுக்கு நல்லது"ன்னு ஆரம்பிக்காதீங்க. நோயை குணப்படுத்தும்னு சொன்ன உடனே அது பல நாட்டு சட்டத்துல காஸ்மெடிக் இல்ல, மருந்து, அதுக்கு லைசென்ஸே வேற. அவருக்கு அது நல்லாத் தெரியும், மரியாதையா டீ குடுத்து அனுப்பி வச்சிடுவார்.

மெடிக்கல்ல பெரும்பாலும் அவுட்ரைட்டாத்தான் எடுப்பாங்க, ஆனா "எக்ஸ்பைரி ஆனா எடுத்துக்கணும்"னு ஒரு பேச்சு கூடவே வரும். மருந்துல அது பழக்கம், அதனால அவருக்கு அது தப்பாவே தெரியாது. நல்லா யோசிச்சுப் பாருங்க, விக்காதது மொத்தமும் திரும்பி வரும்னா, காசும் அறுவது நாள் கழிச்சுத்தான்னா, அது வேஷம் போட்ட கன்சைன்மென்ட். அதுவும் 65 இல்ல, 50க்கு! ரெண்டு பக்கமும் அடி. இத ஒத்துக்கிட்டு வந்து "அண்ணே அவுட்ரைட் ஆர்டர் கிடைச்சிடுச்சு"ன்னு எனக்கு ஸ்வீட் வாங்கிக் குடுத்தவங்களும் இருக்காங்க.

முடியவே முடியாதுன்னு சண்டை போடச் சொல்லல. அளவு வைங்க. எக்ஸ்பைரிக்கு மூணு மாசம் முன்னாடியே சொல்லணும், ஆர்டர்ல பத்துல ஒரு பங்குக்கு மேல எடுக்க மாட்டேன், காசா தர மாட்டேன், புது பேட்ச்சா மாத்தித் தர்றேன். இப்படி சொன்னா நிறைய பேர் ஒத்துக்குறாங்க, ஏன்னா அவங்களுக்கு வேண்டியது செத்த ஸ்டாக் ஷெல்ஃபுல நிக்கக் கூடாதுங்கறது மட்டும்தான். மூணு மாசம் முன்னாடி கைக்கு வந்தா நீங்களே தள்ளுபடி போட்டு நேரடியா வித்துடலாம். எக்ஸ்பைரி முடிஞ்சு வந்தா குப்பைதான்.

அந்த அக்காவுக்கு என்ன பண்ணோம்னா, எட்டு கடையில ஸ்டாக் நகர்ற வேகத்த தனித்தனியா பாத்தோம். ரெண்டு மாசத்துல பாதிக்கு மேல வித்த கடை மூணு. அந்த மூணு பேர்கிட்டயும் "இனிமே 12 பீஸா அவுட்ரைட் எடுங்க, முதல் ஆர்டருக்கு ஒரு டெஸ்டர் என் செலவு"ன்னு கேக்கச் சொன்னேன். ரெண்டு பேர் சரின்னாங்க, ஒருத்தர் யோசிக்கிறேன்னார். மூணு கடையில சோப்பும் பொடியும் மட்டும் 12 பீஸ், அறுவது நாள், மேல சொன்னதெல்லாம் எழுதி கையெழுத்து வாங்கி வச்சாச்சு. மிச்சம் ரெண்டு கடைக்கு ஒரு பை எடுத்துட்டுப் போய் எல்லாத்தையும் எண்ணி வாங்கிட்டு வந்துடுங்கன்னு சொல்லியிருக்கேன். "கோச்சுக்குவாங்களே அண்ணே"ன்னாங்க. அவங்க சாமான அவங்க எடுக்குறதுக்கு யாருங்க கோச்சுக்கிறது? நோட்டுல அந்த "விற்பனை"ங்கற வார்த்தைய அடிச்சுட்டு "வெளியில இருக்கும் ஸ்டாக்"னு என் முன்னாடியே எழுத வச்சேன்.