செயல்திறன் மேம்பாட்டுத் திட்டமா, பணித்திருத்தத் திட்டமா?

மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கத்துச் செம்பனைத் தோட்ட அலுவலகங்களில் இதற்குப் பேச்சு வழக்கில் ஒரே பெயர்தான்: பி.ஐ.பி., அதாவது பெர்ஃபார்மன்ஸ் இம்ப்ரூவ்மென்ட் பிளான். "அவருக்கு பி.ஐ.பி. போட்டுட்டாங்க" என்றால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. வேலை சரியில்லை, இத்தனை நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் வேலை போகலாம் என்று எழுத்தில் கொடுக்கும் கடிதம். தமிழில் எழுதும்போதுதான் வம்பு. "செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம்" என்று யாரோ ஒருவர் எழுதி வைக்க, மற்றவர்கள் அதையே நகலெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஆண்டு இன்னும் ஒருமுறை இதைப் பார்த்தால் கத்திவிடுவேன்.

வேர் விளக்கத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ஆங்கிலத்தின் பெர்ஃபார்மன்ஸ் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது, ஒன்றை முழுதாகச் செய்து முடித்தல் என்பது அதன் அடிப்படை. செய்து முடித்த வேலை, அவ்வளவுதான். தமிழில் திறம் என்பதும் திறன் என்பதும் ஒன்றே, நிலம் நிலன் ஆவது போல. ஆனால் அது ஆளுக்குள் இருக்கும் ஆற்றலைச் சொல்கிற சொல். மேம்பாடு என்பது மேம்படு என்பதிலிருந்து வந்தது, படு என்பது பாடு என நீண்டிருக்கிறது. நகர மேம்பாடு, மகளிர் மேம்பாடு என்று நன்றாக இருப்பதை இன்னும் உயர்த்துகிற இடங்களில்தான் அது புழங்குகிறது.

இரண்டையும் சேர்த்தால் என்ன கிடைக்கிறது? ஆளுடைய ஆற்றலை உயர்த்தும் திட்டம். பயிற்சி வகுப்புக்கு வைக்கிற பெயர். கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டும் கடிதத்துக்கு இது பொருந்தவே பொருந்தாது. ஆட்களின் வருகை, குலை, கூலி, பிடித்தம் எல்லாம் பதியும் செக்ரோலைப் பார்க்கும் ஓர் அக்கா இப்படி ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து, "தம்பி, எனக்குத் திறன் இல்லைன்னு எழுதிட்டாங்களா?" என்று கேட்டார். பத்துப் பதினைந்து வருடம் அதே மேசையில் இருந்தவர். "இல்லக்கா, வேலையில சில பிழை இருக்கு, திருத்தணும்னு சொல்றாங்க" என்றேன். அப்படியே எழுதியிருக்கலாமே என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்படியேதான் எழுதியிருக்க வேண்டும்: பணித்திருத்தத் திட்டம்.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும், தெரியும். திருத்தம் என்றால் குற்றவாளியைத் திருத்துவது போல ஒலிக்கிறதாம், சீர்திருத்தப் பள்ளி நினைவுக்கு வருகிறதாம். அப்படியானால் பிழைதிருத்தம் செய்கிறவர் யாரைச் சிறையில் அடைக்கிறார்? நிலம் திருத்தினார்கள், காடு திருத்தினார்கள் என்று நம் தாத்தா காலத்திலிருந்து இதே மண்ணில் சொல்லிவருகிறோம், காட்டை யாரும் குற்றவாளி என்று நினைக்கவில்லை. அதைவிட முக்கியமானது, திருத்தம் என்றதும் 'எதை?' என்ற கேள்வி தானாக வந்து நிற்கும். மேம்பாடு என்றால் அந்தக் கேள்வியே எழாது, யாரை வேண்டுமானாலும் எந்தத் திசையிலும் மேம்படுத்திக்கொண்டே போகலாம்.

அந்த வழுக்கல் கடிதத்தின் உள்ளேயும் இறங்கிவிடுகிறது, என் கோபமெல்லாம் இதில்தான். அக்காவின் கடிதத்தில் இருந்த குறிக்கோள்கள்: பொறுப்புணர்வை மேம்படுத்துதல், செக்ரோலில் பிழையே இல்லாதிருத்தல், 30 நாளில் மறுஆய்வு. முதலாவதை யார் எதைக் கொண்டு அளப்பது? இரண்டாவதை அளக்கலாம், ஆனால் நியாயமில்லை. மூன்றாவதில் கணக்கே தப்பு.

30 நாளை எடுத்துக்கொள்வோம். தோட்டத்தில் செக்ரோல் மாதக் கடைசியில் மூடப்படும். 1955 வேலைவாய்ப்புச் சட்டப்படி சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கையில் இருக்க வேண்டும். "எனக்கு இரண்டு நாள் விட்டுப்போச்சு", "குலைக் கணக்கு குறையுது" என்று ஆட்கள் அலுவலகத்துக்கு வர ஆரம்பிப்பது சம்பளம் வாங்கிய பிறகுதான், அது ஒரு வாரம் பத்து நாள் நீளும். ஊழியர் சேமநிதிச் சந்தாவும் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் சந்தாவும் 15ஆம் தேதிக்குள் போக வேண்டும், அதில் உள்ள பிழை அதற்கப்புறம் வெளியே வரும். இப்போது கடிதம் 10ஆம் தேதி கொடுக்கப்பட்டு, அடுத்த மாதம் 9ஆம் தேதி மறுஆய்வு என்றால் என்ன நடக்கும்? இடையில் ஒரே ஒரு செக்ரோல்தான் மூடப்பட்டிருக்கும், அதிலும் சம்பளம் போட்டு இரண்டு நாள்தான் ஆகியிருக்கும். அன்றைக்குப் புகார் இரண்டு வந்திருந்தால் தேறிவிட்டார் என்றும், பத்து வந்திருந்தால் தேறவில்லை என்றும் சொல்வதற்கு அடிப்படையே கிடையாது. 30 நாள் என்பது எங்கோ நகரத்து அலுவலகத்தில், தினமும் எண்ணக்கூடிய வேலைக்குப் போட்ட அளவு. மாதச் சுற்றில் ஓடுகிற வேலைக்குக் குறைந்தது மூன்று சுற்று வேண்டும். மூன்று மாதம், ஒவ்வொரு மாதமும் 20ஆம் தேதி வாக்கில் சரிபார்ப்பு என்றால் அதற்கு முந்தைய மாதத்துப் பிழை எல்லாம் மேசைக்கு வந்திருக்கும். நடுவே வாரம் ஒருமுறை அரை மணி நேரம் உட்கார்ந்து, காலையில் ஆள் வருகை குறிக்கும் பெரட்டுப் புத்தகத்தையும் செக்ரோலையும் ஒப்பிட்டுப் பார்ப்பது தனி, அது உதவிக்கு, மதிப்பெண் போடுவதற்கு அல்ல. இரண்டையும் கலந்தால் ஆள் வாரந்தோறும் பரீட்சை எழுதுகிற நிலைக்கு வந்துவிடுவார்.

அடுத்து, பிழையே இல்லாதிருத்தல். முதலில் இப்போது எத்தனை பிழை வருகிறது என்று கடிதத்தில் இருந்ததா? இல்லை. உதாரணத்துக்கு ஒரு கணக்கு வைப்போம். முந்தைய மூன்று மாதத்தில் மாதம் பத்துத் திருத்தச் சீட்டு போடப்பட்டிருக்கிறது. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், நான்கில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் கொடுத்த சீட்டிலேயே குலை எண்ணிக்கை தப்பாக இருக்கிறது அல்லது சீட்டே மறுநாள்தான் வந்திருக்கிறது. ஆறுதான் பதிவு செய்ததில் வந்த பிழை. அந்த ஆறுக்குத்தான் அக்கா பொறுப்பு. மண்டோர் சீட்டு மாலை 5 மணிக்குள் மேசைக்கு வர வேண்டும், அதற்குப் பிறகு வந்த சீட்டில் உள்ள பிழை கணக்கில் சேராது என்று திட்டத்திலேயே ஒரு வரி எழுதினால் போதும், பாதி சண்டை முடிந்துவிடும்.

அந்த ஆறு எத்தனையாகக் குறைய வேண்டும்? பக்கத்துப் பிரிவில் ஏறத்தாழ அதே ஆள் எண்ணிக்கையைப் பார்க்கும் கிராணிக்கு மாதம் இரண்டு திருத்தம் வருகிறது, அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை என்றால், இவருக்கும் இரண்டுதான் கோடு. முதல் மாதம் நான்குக்கு மேல் போகக் கூடாது, இரண்டாம் மூன்றாம் மாதங்களில் இரண்டுக்கு மேல் போகக் கூடாது. யாருக்கும் கேட்காத பூஜ்யத்தை ஒருவரிடம் மட்டும் கேட்டால் அது குறிக்கோள் இல்லை, வெளியே போகச் சொல்வதுதான். செம்பனைக்குப் பருவமும் உண்டு என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வருடக் கடைசியை ஒட்டிக் குலை குவியும் மாதங்களில் சீட்டு பெருகும், பதிவும் பெருகும். குறைந்த மாதத்து எண்ணிக்கையை எடுத்து நிறைந்த மாதத்துக்குக் கோடாக வைப்பது ஏமாற்று. அதனால் இத்தனை பதிவுக்கு இத்தனை பிழை என்று வைத்தால் தப்பிக்கலாம்.

எண்ணுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. புகாரை எண்ணினால் புகார் குறையும், பிழை குறையாது. "இந்த மாசம் ஒண்ணும் சொல்லாதீங்க, அடுத்த மாசம் சேர்த்துப் போட்டுடறேன்" என்று ஆட்களிடம் சொல்லிவிட்டால் முடிந்தது. அப்படி நடக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் அடுத்த மாதச் சம்பளத்தில் நிலுவை என்று போட்ட தொகைகளைப் பாருங்கள். புகார் குறைந்து நிலுவை ஏறியிருந்தால் பிழை அப்படியேதான் இருக்கிறது. அதனால் எண்ண வேண்டியது திருத்தச் சீட்டையும் நிலுவை வரிகளையும் சேர்த்து.

இதெல்லாம் அக்காவுக்குச் சலுகை காட்டச் சொல்வது போலத் தெரியலாம். முதலாளிக்கும் இதே காகிதம்தான் காவல். வேலை சரியில்லை என்று நீக்கிய பிறகு வழக்கு தொழில்துறை நீதிமன்றத்துக்குப் போனால், 1987-இல் வெளியான ஐ.இ. புராஜெக்ட் தீர்ப்பின் வழியில் மூன்று கேள்வி வரும்: எச்சரித்தீர்களா, திருந்தப் போதிய வாய்ப்புக் கொடுத்தீர்களா, கொடுத்தும் திருந்தவில்லையா? மூன்றையும் காட்ட வேண்டியது முதலாளி. ஒரே ஒரு செக்ரோலைப் பார்த்துவிட்டுப் போதிய வாய்ப்பு என்று சொல்ல முடியாது, பொறுப்புணர்வு மேம்படவில்லை என்பதற்கு எந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டுவார்கள்? நீக்கப்பட்டவர் தொழில்துறை உறவுச் சட்டம் 1967-இன் 20ஆம் பிரிவின் கீழ் 60 நாளுக்குள் மனுக் கொடுக்க வேண்டும், அந்தக் கெடு தாண்டினால் கதவு மூடிவிடும். அதனால் அந்த 60-ஐ மட்டும் இரண்டு தரப்பும் மறக்கக் கூடாது.

கடைசியாக அந்த 'மறுஆய்வு'. நீதிமன்றம் ஏற்கெனவே கொடுத்த தீர்ப்பை மறுபடி எடுத்துப் பார்ப்பது மறுஆய்வு. இங்கே முதல் முறையாகத்தானே பார்க்கப்போகிறார்கள், எதை மறுபடி ஆய்வது? சரிபார்ப்பு நாள் என்று எழுதினால் பெரட்டில் நிற்கும் ஆள்கூடப் புரிந்துகொள்வார். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுகிறார்கள், கடிதத்தை வாங்கப்போகிறவர் யார் என்று ஒரு நிமிடம் யோசிப்பதில்லை. தனித்தமிழ் ஆர்வலர்கள் சிலர் செக்ரோலையும் விடமாட்டேன் என்று வருகைப் பட்டியல் என மாற்றச் சொல்கிறார்கள். வேண்டாம். செக்ரோலில் வருகை மட்டுமா இருக்கிறது, குலையும் கூலியும் பிடித்தமும் எங்கே போகும்? தோட்டத்தில் நூறு வருடமாகப் புழங்கும் சொல், அது நம் சொல்தான்.

சரிபார்ப்பு நாள் என்ற தலைப்பின் கீழ் மூன்று தேதி, அன்றைக்கு மேசையில் இருக்க வேண்டிய புத்தகங்களின் பெயர், யார் உட்காருவார், அவர் விடுப்பில் போனால் யார் என்பதை எழுதுங்கள். தோட்டத்துத் துரை கோலாலம்பூர் கூட்டத்துக்குப் போய்விட்டார் என்று இரண்டாவது தேதி ஓசையில்லாமல் கடந்துபோய், மூன்றாவது தேதியில் "முன்னேற்றம் இல்லை" என்று எழுதுவதுதான் அடிக்கடி நடப்பது. அதற்கு ஒரு வரி போதும்: சரிபார்ப்பு எத்தனை நாள் தள்ளிப்போகிறதோ அத்தனை நாள் திட்டமும் நீளும். கையெழுத்துக்கு மேலே "பெற்றுக்கொண்டேன்" என்று மட்டும் இருக்கட்டும். "ஒப்புக்கொள்கிறேன்" என்று அச்சடித்திருந்தால் அதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லி அக்காவிடம் சொன்னேன்.