எழுத்து நிறைந்த ஸ்லைட்டில் எது மிஞ்ச வேண்டும்?

நுவரெலியா, பதுளை மாவட்டத் தோட்டங்களில் மண்சரிவு விழிப்புணர்வுக் கூட்டம் வைத்தால், திரையில் இந்த மாதிரி ஒரு ஸ்லைட் வந்து நிற்கும்:

"24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழைவீழ்ச்சி பதிவாகும்போது பிரதேசவாசிகள் விழிப்புடன் இருத்தல் வேண்டும் என்பதுடன், 100 மில்லிமீற்றரைத் தாண்டும் பட்சத்தில் வெளியேறுவதற்குத் தயாராகவும், 150 மில்லிமீற்றரைத் தாண்டினால் அல்லது ஒரு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் உடனடியாகப் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும் வேண்டும். மேலும் சுவர்களில் விரிசல், மரங்கள் சரிதல், ஊற்றுநீர் கலங்குதல் என்பனவும் முன்னறிகுறிகளாகும்."

தகவலில் பிழை இல்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்குப் பயன்படுத்தும் மழை அளவுகள்தான் இவை. ஆனால் பேசுபவர் இதை வாசிக்கத் தொடங்கியதுமே கூட்டத்துக்கு விளங்காமல் போகிறது.

காரணம் மூளைக்குள் இருக்கிறது. பேட்லி, ஹிட்ச் என்ற உளவியலாளர்கள் 1974இல் முன்வைத்த நினைவு மாதிரியின்படி, காதில் விழும் சொல்லையும் கண் வாசிக்கும் சொல்லையும் ஒரே இடம்தான் ஏந்துகிறது. எழுத்தை நாம் மனதுக்குள் ஒலியாக மாற்றித்தான் வைத்துக்கொள்கிறோம். கண் மூன்றாவது வரிக்குப் போயிருக்கும் நேரம் வாய் முதல் வரியில் நிற்கும்; இரண்டும் மோதி இரண்டுமே கலைந்துவிடும். படத்துக்கும் வடிவத்துக்கும் வேறு இடம் உண்டு. ஆகவே சொற்களைக் குறைப்பது மட்டும் வேலையல்ல. எது வாய்க்கு, எது கண்ணுக்கு என்று பிரிப்பதுதான் வேலை.

மேலே உள்ள ஸ்லைட்டைப் பிரித்துப் பார்ப்போம். மழையளவு ஒரு விஷயம், அறிகுறிகள் இன்னொரு விஷயம். முதலில் இரண்டு ஸ்லைட்டாக்குங்கள். மழை ஸ்லைட்டில் "என்பதுடன்", "பட்சத்தில்", "இருத்தல் வேண்டும்" எல்லாம் பேச்சுக்குப் போகட்டும். மிஞ்சுவது மூன்று எண்களும் மூன்று செயல்களும்: 75 விழிப்பு, 100 தயார், 150 வெளியேறு. இவற்றைக் கீழிருந்து மேலாக உயரும் மூன்று கட்டங்களாக, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு நிறத்தில் வரையுங்கள். நீர் மட்டம் ஏறுவது போன்ற அந்த வடிவமே பாதியைச் சொல்லிவிடும். "24 மணித்தியாலத்தில், மி.மீ." என்பது மூன்றுக்கும் பொது, அடியில் ஒரே ஒரு தடவை, சிறிதாகப் போதும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒரு மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் வெளியேற வேண்டும். மஞ்சளிலும் அதே 75 நிற்பதால் இரண்டும் குழம்பும். அதனால் சிவப்புக் கட்டத்துக்குள்ளேயே சிறு கடிகாரப் படம் போட்டு, பக்கத்தில் "1 மணித்தியாலத்தில் 75" என்று வையுங்கள். சுருக்குகிறோம் என்று இதை விட்டால் உயிருக்கே ஆபத்து.

தலைப்பு "மழை எச்சரிக்கை" என்று இருந்தால் அது ஒன்றும் சொல்லாது. "150ஐத் தாண்டினால் வெளியேறுங்கள்" என்று முழு வாக்கியமாக வையுங்கள். சொற்களைக் குறைக்கும்போதும் இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் குறைக்கக் கூடாது.

அடுத்து, கண் எதை முதலில் பார்க்க வேண்டும் என்ற வரிசை. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தால் அழுத்தம் காட்டலாம். தமிழில் அந்த வழி இல்லை. தடித்த எழுத்தைச் சிறிய அளவில் போட்டால் ண, ஞ, இ ஆகியவற்றின் சுழிகள் அடைபட்டுப் பின்வரிசைக்குக் கறையாகத்தான் தெரியும். நமக்கு மிஞ்சும் கருவிகள் அளவும் வெற்றிடமும். எண்கள் 60 புள்ளி, செயல்கள் 36, அடிக்குறிப்பு 20 என்று படிகளுக்கிடையே நல்ல வித்தியாசம் விடுங்கள். 32, 28, 24 என்று வைத்தால் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும்.

திரைச்சீலை இல்லாத தோட்டப் பாடசாலை மண்டபத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ப்ரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. ஒளி விழாத இடம்தான் கறுப்பு. ஜன்னல் வெளிச்சம் அங்கே விழுந்ததும் அது சாம்பலாகும். மஞ்சள் எழுத்தை வெள்ளையில் போட்டால் மறைந்தே போகும். மஞ்சள் கட்டத்தில் கறுப்பு எழுத்து என்றால் அந்த வெளிச்சத்திலும் ஓரளவு தாங்கும்.

அறிகுறி ஸ்லைட்டுக்கு விரிசல் விட்ட லயத்துச் சுவரின் படமும் கலங்கிய ஊற்றின் படமும் போதும். அதன்கீழ் "நீர்" என்று மட்டும் எழுதினால் அது வற்றியதா, கலங்கியதா, புதிதாக ஊறியதா என்று தெரியாது. "ஊற்று திடீரெனக் கலங்கினால்" என்று எழுதுங்கள். மாற்றத்தைச் சொல்லாத சொல் திறவுச்சொல் ஆகாது.

சரியாக வந்ததா என்று பார்க்க, விஷயம் தெரியாத ஒருவருக்கு ஸ்லைட்டை மூன்று விநாடி காட்டி அணைத்துவிட்டு, "என்ன செய்யச் சொல்லுது?" என்று கேளுங்கள். "ஏதோ மழையைப் பத்தி" என்றால் வரிசை பிழை. "நூத்தம்பதுக்கு மேல போனா வெளியேறணும்" என்றால் சரி.

இந்த முறை பொருந்தாத இடமும் உண்டு. அதிகாரி சிங்களத்தில் பேச, கேட்பவர்கள் தமிழில் மட்டும் விளங்கிக்கொள்பவர்களாக இருந்தால், பேச்சின் சாரம் முழுத் தமிழ் வாக்கியங்களாகத் திரையில் இருக்கத்தான் வேண்டும். காது மந்தமானவர்களுக்கும் அப்படியே. கூட்டம் முடிந்து ஸ்லைட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் வெறும் 75, 100, 150 உதவாது. பேசுபவரின் குரல் அங்கே இல்லை. நீக்கிய வாக்கியங்களை ஸ்லைட்டுக்குக் கீழுள்ள குறிப்புப் பகுதியில் வைத்திருந்து, தனிப் பக்கமாக அச்சடித்துக் கொடுங்கள்.