எல்டிஎல் 115 என்று அச்சாகியிருந்தது, ஆனால் யாரும் அதை அளக்கவில்லை

கொழுப்புப் பரிசோதனை ரிப்போர்ட்டில் எல்லோர் கண்ணும் முதலில் போவது எல்டிஎல் வரிக்குத்தான். பல லேப்களில் மெஷின் அந்த எண்ணை அளப்பதே இல்லை. மொத்தக் கொலஸ்ட்ரால், ஹெச்டிஎல், டிரைகிளிசரைடு இந்த மூன்றைத்தான் அளக்கிறோம். எல்டிஎல் கழித்தல் கணக்கில் வருவது: மொத்தத்தில் ஹெச்டிஎல்லைக் கழித்து, டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் மீதி எல்டிஎல்.

இது 1972-இல் ஃபிரீடுவால்டும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட சூத்திரம். ரத்தத்தில் டிரைகிளிசரைடைச் சுமக்கும் விஎல்டிஎல் துகள்களில் ஐந்து பங்கு டிரைகிளிசரைடுக்கு ஒரு பங்கு கொலஸ்ட்ரால் இருக்கும் என்பது அதன் அனுமானம். வெறும் வயிற்றில் எடுத்த சாதாரண ரத்தத்துக்கு இது ஓரளவு சரி. டிரைகிளிசரைடு டெசிலிட்டருக்கு 400 மி.கி.-ஐத் தாண்டினால் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். இருந்தும் சில லேப் மென்பொருள்கள் அந்த எல்லையைப் பார்க்காமல் எண்ணை அச்சிட்டுத் தள்ளுகின்றன.

ஒரு உதாரணம். நாற்பதுகளில் இருக்கும் ஒருவர், சர்க்கரை நோயாளி. இரவு பிரியாணி, காலையில் டிபன், அப்புறம் நேராக லேபுக்கு. மொத்தக் கொலஸ்ட்ரால் 268, ஹெச்டிஎல் 31, டிரைகிளிசரைடு 612. கணக்குப்படி 268-இலிருந்து 31-ஐயும் 122-ஐயும் கழித்தால் 115. பார்த்தால் பரவாயில்லை என்றுதான் தோன்றும். அதே சாம்பிளில் எல்டிஎல்லை நேரடியாக அளந்தபோது 138 வந்தது.

ஏன் இந்த வித்தியாசம்? சாப்பிட்ட பிறகு குடலிலிருந்து கைலோமைக்ரான் என்ற பெரிய துகள்கள் ரத்தத்துக்கு வருகின்றன. அவற்றில் டிரைகிளிசரைடு மிக அதிகம், கொலஸ்ட்ரால் கொஞ்சம்தான். ஐந்துக்கு ஒன்று என்ற விகிதம் அங்கே பொருந்தாது. ஐந்தால் வகுத்துக் கழிக்கும்போது, இல்லாத கொலஸ்ட்ராலையும் சேர்த்துக் கழித்துவிடுகிறோம். எல்டிஎல் உள்ளதைவிடக் குறைவாகத் தெரிகிறது. மொத்தம் 290, ஹெச்டிஎல் 28, டிரைகிளிசரைடு 1500 என்றால் விடை மைனஸ் 38! அப்படி வந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். 115 மாதிரி நம்பும்படியான எண்தான் உண்மையில் ஆபத்து.

சரி, எப்போதும் நேரடி அளவீடே செய்துவிட்டால் என்ன? 400-க்கு மேல் அது சூத்திரத்தைவிட நல்லது, ஆனால் அதற்கும் எல்லை உண்டு. மற்ற துகள்களை மறைத்துவிட்டு எல்டிஎல்லை மட்டும் வினைபுரியச் செய்யும் ரசாயனங்கள்தான் அதில் வேலை செய்கின்றன. டிரைகிளிசரைடு மிக அதிகமானால் அந்தப் பிரிப்பு முழுமையாக நடக்காது. ஒரே சாம்பிளுக்கு ஒரு கம்பெனி ரீஏஜென்ட் ஒரு எண்ணும், இன்னொன்று வேறு எண்ணும் தரலாம். சீரம் பால் மாதிரி வெளுத்திருந்தால், ஒளியை வைத்து அளக்கும் மெஷினுக்கே அது தொந்தரவு. 2013-இல் வந்த மார்ட்டின்-ஹாப்கின்ஸ், 2020-இல் வந்த சாம்ப்சன் கணக்குகள் பழைய சூத்திரத்தைவிட மேல். சாம்ப்சன் கணக்கு 800 வரை உதவும். இவருக்கு அது 125 என்று காட்டுகிறது. ஒரே சாம்பிளுக்கு மூன்று எண்கள் ஆகிவிட்டன, பாருங்கள்.

இந்த மாதிரி நேரத்தில் நான் மருத்துவரிடம் சுட்டிக்காட்டுவது நான்-ஹெச்டிஎல். மொத்தத்திலிருந்து ஹெச்டிஎல்லை மட்டும் கழித்தால் போதும். டிரைகிளிசரைடு அந்தக் கணக்கில் வராது. இவருக்கு 237. பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடாமல் மறுபடி வந்தபோது மொத்தம் 258, ஹெச்டிஎல் 33, டிரைகிளிசரைடு 336. சூத்திர எல்டிஎல் 115-இலிருந்து 158-க்குத் தாவியது. நான்-ஹெச்டிஎல் 225, பெரிய மாற்றமில்லை. இதற்கான இலக்கு எல்டிஎல் இலக்கைவிட 30 அதிகம் என்று வைத்துக்கொள்வது வழக்கம்.

இதனால் எல்லோரும் பட்டினியோடுதான் வர வேண்டும் என்று அர்த்தமில்லை. வழக்கமான சாப்பாட்டுக்குப் பிறகு டிரைகிளிசரைடு சராசரியாக 26 மி.கி. ஏறுகிறது, எல்டிஎல் 8 மி.கி. போலக் குறைகிறது. முதல் பரிசோதனைக்கு இது ஒரு பொருட்டல்ல என்று ஐரோப்பிய நிபுணர் குழு 2016-இலேயே சொல்லிவிட்டது. சாப்பிட்டுவிட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் டிரைகிளிசரைடு 400-க்கு மேல் வந்தால் மறுமுறை வெறும் வயிறு அவசியம். தண்ணீர் குடிக்கலாம். "காபி மட்டும்தான் குடிச்சேன்" என்றால், பாலும் சர்க்கரையும் போட்ட காபி சாப்பாட்டுக் கணக்குதான். இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நீண்ட நேரம் பட்டினி இருக்க வேண்டாம்.

உங்கள் ரிப்போர்ட்டில் முறை எழுதியில்லை என்றால் நீங்களே அந்தக் கழித்தலைப் போட்டுப் பாருங்கள். எண் அப்படியே ஒத்துப்போனால் அது கணக்கில் வந்ததாகத்தான் இருக்கும். டிரைகிளிசரைடு 1000-ஐத் தாண்டியிருந்தால் எல்டிஎல் எத்தனை என்பது அப்புறம். முதல் கவலை கணைய அழற்சி. அந்த எண்ணோடு மேல்வயிற்றில் கடும் வலியும் வாந்தியும் இருந்தால், மறு சாம்பிளுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.