வாட்ஸ்அப் லேப்டாப்பில் இணையவில்லையா? எந்த இடத்தில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

மன்னார்குடி பக்கம் லேப்டாப் சர்வீஸ் பார்க்கிற எனக்குச் சம்பா நடவு தொடங்கினால் ஒரே மாதிரியான புகார் வரும். உரக்கடை, விதைக்கடை, அரிசி மில் என்று எல்லா இடத்திலும் ஆர்டர் வருவது வாட்ஸ்அப்பில்தான். பில் போடுவது லேப்டாப்பில். ஒருவர் யூரியா, டிஏபி என்று குரல் பதிவில் சொல்வார், இன்னொருவர் இலைச் சுருட்டுப் புழு பட்ட பயிரைப் படம் எடுத்து அனுப்புவார். போனையும் லேப்டாப்பையும் மாறி மாறிப் பார்க்க முடியாமல்தான் ஒரே கணக்கை இரண்டிலும் ஓட்டப் பார்க்கிறார்கள். அங்கே சிக்கல் வந்தால் எல்லோரும் சொல்வது ஒரே வரி: "ஸ்கேன் ஆக மாட்டேங்குது."

அந்த ஒரு வரியை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. க்யூஆர் கட்டம் திரையில் வருவதற்கு முன்பே நிற்கிறதா, கட்டம் வந்து போன் அதைப் படிக்கும்போது நிற்கிறதா, படித்த பிறகு பழைய உரையாடல்கள் வந்து சேரும்போது நிற்கிறதா என்பதுதான் என் முதல் கேள்வி. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

ஓர் உரக்கடையில் நடந்ததைச் சொல்கிறேன். கடைக்காரர் போனில் கூப்பிட்டு, "கட்டமே வரலை தம்பி, சுத்திக்கிட்டே இருக்கு. போன்ல வாட்ஸ்அப்பை அழிச்சிட்டுத் திரும்பப் போடட்டுமா?" என்றார். "அண்ணே, அதை மட்டும் செஞ்சிடாதீங்க" என்றேன். பேக்கப் எடுக்காமல் போனில் இருக்கும் வாட்ஸ்அப்பை நீக்கினால் உரையாடல்கள் எல்லாம் போய்விடும். திரும்பப் போட்டு எண்ணைப் பதிவு செய்யும்போது, ஏற்கெனவே இணைத்து வைத்த சாதனங்களும் வெளியேறிவிடும். கட்டமே வராத நிலையில் போனுக்கு இன்னும் வேலையே வரவில்லை. கோளாறு லேப்டாப் பக்கம்.

போய்ப் பார்த்தேன். நெட் போதவில்லை என்று அவர் ரீசார்ஜ் கூடப் போட்டிருந்தார். பிரவுசரில் வேறொரு தளத்தைத் திறக்கச் சொன்னேன், அதுவும் திறக்கவில்லை. திரையில் `NET::ERR_CERT_DATE_INVALID` என்று இருந்தது. வலது கீழ் மூலையில் தேதியைப் பார்த்தால் 2019 ஜனவரி! ஒவ்வொரு இணையதளமும் தன்னை நிரூபிக்க ஒரு சான்றிதழ் காட்டும். அது இந்தத் தேதியிலிருந்து அந்தத் தேதி வரை செல்லும் என்று அதிலேயே இருக்கும். 2019-இல் நிற்கிற லேப்டாப்புக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லாத ஒன்று. அதனால் இணைப்பை வெட்டிவிடுகிறது. web.whatsapp.com திறக்காதபோது கட்டம் எங்கிருந்து வரும்?

தேதியைச் சரி செய்ததும் கட்டம் வந்துவிட்டது. ஆனால் மறுநாள் காலையில் அதே கதை. அவர் லேப்டாப்பின் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது, சார்ஜரைச் செருகி மேசைக் கணினி போலத்தான் ஓட்டுகிறார். உள்ளே கடிகாரத்தை ஓட வைக்கிற சின்ன சீமாஸ் பேட்டரியும் போய்விட்டது. கரண்ட் போகும்போதெல்லாம் கடிகாரம் பழைய தேதிக்குத் திரும்பிவிடுகிறது. நெட் இருந்தால் விண்டோஸ் தானாக நேரத்தைச் சரி செய்யாதா என்று கேட்பார்கள். சின்ன வித்தியாசம் என்றால் செய்யும். வீட்டுக் கணினிகளில் வித்தியாசம் 15 மணி நேரத்தைத் தாண்டினால் அதை நம்பாமல் அப்படியே விட்டுவிடுவதுதான் பொதுவான அமைப்பு. ஆண்டுக் கணக்கில் தவறினால் கையால்தான் மாற்ற வேண்டும்.

சீமாஸ் பேட்டரியை மாற்றினோம். பல லேப்டாப்களில் அது வயர் சுற்றி, சின்ன கனெக்டரோடு வரும். கடையில் கிடைக்கிற வெறும் CR2032 காசு பேட்டரியை வாங்கி அதில் டேப் போட்டு ஒட்டிய கைவேலைகளையும் பார்த்திருக்கிறேன், வேண்டாம். அதே மாடலுக்கு வயரோடு வருவதைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது நிலை, கட்டம் வந்தும் போன் படிக்காதது. இங்கே பெரும்பாலும் தவறு எளிதானது. போனின் சாதாரணக் கேமராவையோ பணம் அனுப்பும் ஆப்பையோ வைத்து ஸ்கேன் செய்வார்கள். அதை மட்டும் வைத்து இணைக்க முடியாது. வாட்ஸ்அப்புக்குள் Linked devices போய், Link a device தொட்டு, அங்கே திறக்கிற கேமராவில்தான் காட்ட வேண்டும். கட்டம் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மாறும், பழைய கட்டத்தைப் படமெடுத்து அனுப்பி ஸ்கேன் செய்தால் செல்லாது. போனும் லேப்டாப்பும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. இரண்டிலும் தனித்தனியாக நெட் இருந்தால் போதும். கேமரா உடைந்திருந்தால், போன் எண்ணைக் கொடுத்து லேப்டாப்பில் வருகிற எட்டு எழுத்துக் குறியீட்டைப் போனில் அடிக்கும் வழியும் உண்டு.

"சாதனம் சேர்க்க இடமில்லை" என்பது போல வந்தால் பட்டியலைப் பாருங்கள். போன் நீங்கலாக நான்கு சாதனங்கள்தான். பிரவுசரில் குக்கீ, தளத் தரவு எல்லாவற்றையும் அழித்தாலோ, இன்காக்னிட்டோவில் திறந்து மூடினாலோ லேப்டாப் தன் சாவியை இழந்துவிடும், போன் பட்டியலில் மட்டும் அதன் பெயர் நிற்கும். இப்படிச் செத்துப்போன பெயர்களே நான்கு இடத்தையும் அடைத்திருக்கும். போனிலிருந்தே ஒவ்வொன்றாக வெளியேற்றலாம். செராக்ஸ் கடைக் கணினியில் எப்போதோ ஆதார் பிரிண்ட் எடுக்க இணைத்தது இன்னும் அங்கே உயிரோடு இருந்தால் அதை முதலில் தூக்குங்கள்.

மூன்றாவது, ஸ்கேன் முடிந்து உரையாடல்கள் ஏறும் நேரம். போன் தன்னிடமுள்ள அண்மைக் கால உரையாடல்களின் நகலைப் பூட்டி லேப்டாப்புக்கு அனுப்புகிறது. அந்த நேரத்தில் போன் திரையை அணைத்து சட்டைப் பையில் போட்டால், பேட்டரி சேமிப்பு அந்த ஆப்பை நிறுத்திவிடலாம். வாட்ஸ்அப்பைத் திறந்தபடியே மேசையில் வையுங்கள். பழையதெல்லாம் முழுதாக வராது, போனில்தான் பார்க்க வேண்டும்.

ஒருமுறை இணைந்துவிட்டால் போன் அணைந்திருந்தாலும் லேப்டாப் தனியாக ஓடும். இதை நம்பித்தான் முத்துப்பேட்டைப் பக்கம் ஒருவர் ஊர் எண் இருந்த போனை அலமாரியில் வைத்துவிட்டு, லேப்டாப்போடு சிங்கப்பூர் போனார். இரண்டு வாரம் நன்றாக ஓடியது, அப்புறம் வெளியேறிவிட்டது. முதன்மைப் போனில் வாட்ஸ்அப்பை 14 நாட்களுக்கு ஒருமுறையாவது திறக்காவிட்டால் இணைத்தவை எல்லாம் துண்டிக்கப்படும். லேப்டாப் பக்கத்துக்கும் ஒரு கெடு உண்டு, 30 நாட்கள் பயன்படுத்தாமல் கிடந்தால் அதுவும் வெளியேறும். அவர் மனைவி போனை சார்ஜ் போட்டுத் திறந்து, லேப்டாப்பில் வந்த எட்டு எழுத்துக் குறியீட்டை அவர் படிக்கப் படிக்க அடித்துச் சேர்த்துக் கொடுத்தார். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் திறந்து பார்க்கிறாராம்.

இந்தக் குறியீட்டு வழியைத்தான் மோசடிக்காரர்களும் பயன்படுத்துகிறார்கள். உங்கள் எண்ணைத் தங்கள் கணினியில் போட்டுவிட்டு, "உங்க போட்டோ இதுல இருக்கு, பாக்க இந்த எட்டு எழுத்தை அடிங்க" என்று அனுப்புவார்கள். அடித்தால் அவர்கள் கணினி உங்கள் கணக்கில் இணைந்துவிடும். உங்கள் போன் வழக்கம்போல ஓடுவதால் சந்தேகமே வராது. நீங்களாகக் கேட்காமல் இணைப்புக் கோரிக்கை போனில் வந்தால் மறுத்துவிடுங்கள். ஏற்கெனவே அடித்துவிட்டால் Linked devices பட்டியலில் தெரியாத பெயரைத் தொட்டு, Log out கொடுங்கள்.