பினாமி: பெயரே இல்லாதவரின் சொத்து

"அளியா, உன் பேர்லயே எழுதிப் போடு. நான் லீவுக்கு வந்த பொறவு பாத்துக்கிடுவோம்."

குமரி மாவட்டத்தில் விளவங்கோடு, கல்குளம் பக்கம் வளர்ந்தவர்கள் இந்தப் பேச்சை ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள். வளைகுடாவில் இருப்பவர் பணம் அனுப்புகிறார். ஊரில் இருக்கும் அளியன், அதாவது மச்சான், தன் பெயரில் பிரமாணம், அதாவது நிலப் பத்திரம், எழுதி வைக்கிறார். இதற்குச் சட்டத்தில் உள்ள பெயர் பினாமி என்று சொன்னால் இருவருக்கும் கோபம் வரும். அரசியல்வாதிகளும் கறுப்புப் பணக்காரர்களும் செய்வதுதான் பினாமி என்று நாம் நினைத்துப் பழகிவிட்டோம்.

சொல்லை முதலில் பார்ப்போம். பாரசீகத்தில் 'பே' என்றால் இல்லாத, 'நாம்' என்றால் பெயர். 'பேநாமி' என்றால் பெயரில்லாதது. நாம் வசவாகச் சொல்லும் 'பேமானி'யிலும் அதே 'பே' இருக்கிறது. ஈமான், அதாவது நம்பிக்கை, இல்லாதவன் என்று பொருள். சொத்தைத் தன் பெயரில் வைத்திருப்பவர் பினாமிதாரர். தாசில்தார், ஜமீன்தார் என்பவற்றில் வரும் அதே 'தார்'தான் இது. வைத்திருப்பவர் என்று பொருள்.

தமிழில் இந்தச் சொல் தலைகீழாகிவிட்டது. "அவர் இவரோட பினாமி" என்று செய்தியில் படிக்கும்போது, பத்திரத்தில் பெயர் உள்ள ஆளைத்தான் பினாமி என்கிறோம். மூலச்சொல் சுட்டுவதோ பெயர் இல்லாத நிலையை. பணம் கொடுத்தவரின் பெயர் பத்திரத்தில் இல்லை, அதுதான் சங்கதி. சட்டமும் நடவடிக்கையையும் சொத்தையும்தான் பினாமி என்கிறது, ஆளை அல்ல. யாருடைய பெயர் இல்லையோ அவருக்குத்தான் முதல் அடி விழுகிறது என்பதால், மூலப்பொருளை நினைவில் வைத்திருப்பது நல்லது.

தமிழில் 'பிறர்பெயர்ச் சொத்து' என்பது எனக்குச் சரியாகப் படுகிறது. 'பெயரிலி' நேர் மொழிபெயர்ப்பாக இருந்தாலும், அது இப்போது யாரென்று தெரியாத ஆளைக் குறிக்கிறது. 'மாற்றுப்பெயர்' என்றால் புனைபெயர் ஆகிவிடும். பினாமிதாரருக்கு 'பெயர்தாங்கி' என்ற சொல் பேச்சிலேயே இருக்கிறது. அதில் கொஞ்சம் இகழ்ச்சி ஒட்டிக்கொண்டிருந்தாலும், பெயரை மட்டும் தாங்கி நிற்பவர் என்ற பொருள் கச்சிதமாகப் பொருந்துகிறது.

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கருங்கல் பக்கத்துக்காரர் ஒருவர் துபாயில் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2018இல் 12 சென்ட் வீட்டுமனை விலைக்கு வருகிறது, 24 லட்சம் ரூபாய். லீவு கிடைக்கவில்லை. பணத்தை மனைவியின் அண்ணன் கணக்குக்கு அனுப்புகிறார். பிரமாணம், பட்டா, வரி ரசீது எல்லாம் அளியன் பெயரில். மூலப் பத்திரம் மட்டும் துபாய்க்காரர் வீட்டு அலமாரியில்.

அளியன் நேர்மையானவர். 2021இல் துபாய்க்காரர் ஊருக்கு வந்ததும் எழுதிக் கொடுக்கத் தயாராக நிற்கிறார். அங்கேதான் முதல் சிக்கல். 1988இல் வந்த பினாமிச் சட்டம் 2016இல் பெரிதாகத் திருத்தப்பட்டு, அந்த வருடம் நவம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. அதன் 6ஆம் பிரிவின்படி, பினாமிதாரர் சொத்தை உண்மையான உரிமையாளருக்குத் திருப்பி எழுதக் கூடாது. எழுதினால் அந்த ஆவணம் செல்லாது. விலைக்கு விற்றது போலப் பத்திரம் போட்டாலும், பின்னால் உண்மை வெளிப்பட்டால் அதே கதிதான்.

சரி, அப்படியே கிடக்கட்டும் என்று விடுகிறார்கள். 2023இல் அளியன் இறந்துபோகிறார். வாரிசுச் சான்றிதழில் அவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். "அப்பா பெயரில் இருக்கிறது, எங்களுக்குத்தான்" என்கிறார்கள். துபாய்க்காரர் வங்கிக் கணக்குத் தாள்களோடு வக்கீலிடம் போகிறார். நான் அனுப்பிய பணம் இதோ என்று ஒவ்வொரு வரியாகக் காட்டுகிறார்.

வக்கீல் 4ஆம் பிரிவைக் காட்டுவார். பினாமிச் சொத்துக்கு நான்தான் உண்மையான உரிமையாளர் என்று சொல்லி வழக்குப் போடவே முடியாது. அந்தத் தாள்களும் அவருக்கு எதிராகவே திரும்பும். பணம் என்னுடையது, சொத்தும் எனக்காகவே வாங்கியது என்று சொல்லும்போதே, இது பினாமி என்று அவர் வாயாலேயே ஒப்புக்கொள்கிறார். அன்பளிப்பாகக் கொடுத்தேன் என்று சொன்னால் பினாமி ஆகாது. ஆனால் அப்படிச் சொன்னால் நிலத்தைக் கேட்க முடியாது. இரண்டு பக்கமும் வழி அடைபட்டுப் போகிறது.

வருமான வரித்துறை கண்ணில் பட்டால் நிலம் அந்த வாரிசுகளிடமும் தங்காது. நோட்டீஸ், தற்காலிக முடக்கம், விசாரணை என்று போய், கடைசியில் இழப்பீடு எதுவும் இல்லாமல் மத்திய அரசுக்குப் பறிமுதல் ஆகலாம். சிறைத்தண்டனை எல்லோருக்கும் கிடையாது. ஏதாவது ஒரு சட்டத்தை ஏய்க்கவோ, அரசுக்குச் சேர வேண்டியதையோ கடன்காரர்களுக்குத் தர வேண்டியதையோ தவிர்க்கவோ இப்படிச் செய்திருந்தால், ஒன்று முதல் ஏழு வருடம் வரை கடுங்காவலும், சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதமும் உண்டு. அது பெயர் கொடுத்தவருக்கும் சேர்த்துத்தான்.

"எங்க தாத்தா காலத்துல இப்படித்தான் செஞ்சாங்க, ஒண்ணும் ஆகல" என்பார்கள். அது பொய்யில்லை. அன்றைய இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், 19ஆம் நூற்றாண்டிலேயே இந்தப் பழக்கத்தை ஏற்றுக்கொண்டது. 1882ஆம் வருட இந்திய டிரஸ்ட் சட்டத்தின் 82ஆம் பிரிவு, பணம் கொடுத்தவருக்காகவே பெயர்தாங்கி சொத்தை வைத்திருக்கிறார் என்று கருதியது. அன்றைக்கு நீதிமன்றம் போனால் நிலம் திரும்பி வந்தது. 1988ஆம் வருடச் சட்டம் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டது. தாத்தாவுக்கு இருந்த பாதுகாப்பு பேரனுக்கு இல்லை.

எல்லாப் பிறர்பெயரும் பினாமி அல்ல. கணக்குக் காட்டக்கூடிய வருமானத்தில் கணவன் அல்லது மனைவி பெயரிலோ, மகன் மகள் பெயரிலோ வாங்கினால் விலக்கு உண்டு. கூடப்பிறந்தவர்கள், தாய் தந்தை, பேரப்பிள்ளைகள் என்றால், ஆவணத்தில் நம் பெயரும் கூட்டு உரிமையாளராக இருக்க வேண்டும். நம் ஊரில் அதிகம் தவறுவது இங்கேதான். மகன் கல்ஃப் பணத்தில் அப்பா பெயரில் மட்டும் வாங்குவான். அப்பா கண்ணை மூடியதும் உடன்பிறந்தவர்கள் எல்லோரும் பங்கு கேட்டு நிற்பார்கள். பத்திரத்தில் அவன் பெயரையும் ஒரு வரி சேர்த்து எழுதியிருந்தால் கதை வேறு. மனைவியின் அண்ணனோ இந்தப் பட்டியலிலேயே இல்லை.

வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியர் விவசாய நிலமோ தோட்டமோ பண்ணைவீடோ விலைக்கு வாங்க அன்னியச் செலாவணி விதிகள் இடம் தருவதில்லை. ரப்பர் தோட்டத்தையும் தென்னந்தோப்பையும் அடுத்தவர் பெயரில் வாங்க இது ஒரு காரணம். அப்படி வாங்கினால் ஒரு சட்டத்தை ஏய்த்ததாகவும் ஆகி, மேலே சொன்ன சிறைத்தண்டனைக்கே வழி திறக்கும். வீட்டுமனைக்கு அந்தத் தடை இல்லை.

துபாய்க்காரர் வாங்கியது வீட்டுமனைதான். அளியனுக்கு அவர் கொடுத்திருக்க வேண்டியது அதிகாரப் பத்திரம், பவர் என்று நாம் சொல்வது. அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் அதில் சான்றொப்பம் வாங்கி ஊருக்கு அனுப்ப வேண்டும். வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். அதன்பின் பதிவு அலுவலகத்தில் கையெழுத்து அளியனுடையதாக இருந்தாலும், 'எழுதி வாங்குபவர்' என்ற இடத்தில் துபாய்க்காரரின் பெயரே இருந்திருக்கும்.