திரிதல்: முட்டை நுரைக்குள் நடப்பதற்கு ஒரு தமிழ்ச்சொல்

போன மார்கழியில் புதுக்குடியிருப்பில் சின்னம்மா வீட்டில் பேரனுக்குப் பிறந்தநாள். வெளியே விடாத மழை. ஸ்பொஞ்ச் கேக்குக்காக ஆறு ஊர்க்கோழி முட்டைகளைச் சின்னம்மா ஒவ்வொன்றாகத் தட்டி உடைத்து, வெள்ளைக்கருவை நேரே பிளாஸ்ரிக் கோப்பைக்குள் விட்டுக்கொண்டிருந்தார். ஐந்தாவது முட்டையில் மஞ்சள்கரு உடைந்து, ஒரு நூல் அளவு உள்ளே இறங்கிவிட்டது. "ஒரு சொட்டுத்தானே தம்பி, பரவாயில்லை" என்று பீற்றரைப் போட்டார்.

கால் மணி நேரம் ஓடியும் நுரை எழவில்லை. மேலே சோப்புத் தண்ணீர் மாதிரிப் பெரிய பெரிய குமிழிகள், அடியில் மஞ்சள் கலந்த தண்ணீர். அடிக்க அடிக்கக் குமிழிகள் உடைந்தனவே தவிர வெண்மையாகத் திரளவில்லை.

"முட்டை பழசோ?" என்று கேட்டார். இல்லை, அந்தச் சொட்டுத்தான் காரணம் என்றேன். ஏன் என்று கேட்டபோது, பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பிக்கிற எனக்கு வாயில் வந்த சொல் டீநேச்சரேஷன். "அதைத் தமிழில சொல்லு தம்பி" என்றார். அன்றைக்கு ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. சின்னம்மாவுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பொருள். வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். மிச்சம் அநேகமாக எல்லாம் புரதம். ஒரு புரதம் என்பது அமினோ அமிலங்கள் நூற்றுக்கணக்கில் கோத்த ஒரு நீண்ட மாலை. முட்டையில் அந்த மாலை விரிந்து கிடப்பதில்லை, ஒரு நூற்பந்து போலச் சுருண்டு கிடக்கும். தண்ணீரோடு ஒட்டாத பகுதிகளை உள்ளே மறைத்து, ஒட்டுகிற பகுதிகளை வெளியே காட்டிக்கொண்டு அது தண்ணீரில் மிதக்கும். அதனால்தான் வெள்ளைக்கரு தெளிவாகத் தெரிகிறது.

பீற்றர் சுழலும்போது இரண்டு காரியம் நடக்கிறது. காற்று உள்ளே போகிறது, பந்துகளும் இழுபடுகின்றன. காற்றும் தண்ணீரும் சந்திக்கிற இடத்துக்கு ஒரு பந்து வந்ததும் அதன் சுருள் அவிழ்கிறது. உள்ளே மறைந்திருந்த, தண்ணீர் பிடிக்காத பகுதி காற்றின் பக்கம் திரும்புகிறது. மற்றப் பகுதி தண்ணீரோடு நிற்கிறது. அப்படி அவிழ்ந்த மாலைகள் பக்கத்து மாலைகளோடு பின்னிக்கொண்டு குமிழியைச் சுற்றி ஒரு மெல்லிய வலையாகின்றன. வெறும் தண்ணீரை எவ்வளவு அடித்தாலும் குமிழி நிற்காததற்குக் காரணம் இந்த வலை அங்கே இல்லாததுதான். வலை நன்றாக அமைந்தால் வெள்ளைக்கரு ஏழெட்டு மடங்காகப் பொங்கும்.

இந்தச் சுருள் அவிழ்தலுக்குத்தான் டீநேச்சரேஷன் என்று பெயர். இலத்தீனில் 'நாத்தூரா' என்றால் இயல்பு, பிறவிக்குணம். முன்னால் உள்ள 'டீ' அதை நீக்குவதைக் குறிக்கும். ஆக, இயல்பை நீக்குதல். குடிக்க முடியாதபடி நஞ்சு கலந்த ஸ்பிரிட்டுக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான், ஆனால் அங்கே மதுசாரம் மாறுவதில்லை, இன்னொன்று சேர்கிறது, அவ்வளவுதான். புரதத்தில் மாலை அறுவதில்லை, சுருள்தான் அவிழ்கிறது என்ற விளக்கத்தை 1931இல் முன்வைத்தவர், பீக்கிங்கில் வேலை செய்த சீன விஞ்ஞானி ஷியென் வூ.

தமிழில் இதை 'இயல்பிழத்தல்' என்றும் 'இயல்பு நீக்கம்' என்றும் சொல்வதுண்டு. இரண்டும் 'டீ' என்ற முன்னொட்டை அப்படியே பிடித்துக்கொண்ட சொற்கள். எனக்கு இரண்டிலும் திருப்தியில்லை. புரதம் இங்கே எதையும் இழந்து வீணாகவில்லை. மாலையும் அதுதான், மணியும் அதுதான். வடிவம் மாறியதால் முன்பு செய்ய முடியாத ஒன்றை இப்போது செய்கிறது. காற்றைப் பிடித்து வைக்கிறது.

இதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: திரிதல். பால் கெட்டால் எங்கள் பக்கம் "பால் திரைஞ்சு போச்சு" என்போம், தமிழ்நாட்டில் "பால் திரிந்துவிட்டது" என்பார்கள். பாலில் நடப்பதும் புரதம் நிலை மாறி ஒன்றோடொன்று சேர்ந்து திரள்வதுதான். அடுப்படியில் இருந்த சொல் ஆய்வுகூடத்துக்கும் பொருந்துகிறது. நன்னூல் புணர்ச்சி விகாரங்களை மூன்றாகச் சொல்லும்: தோன்றல், திரிதல், கெடுதல். ஓர் எழுத்து இல்லாமற் போனால் அது கெடுதல். எழுத்து இன்னொன்றாக மாறினால் திரிதல். மஞ்சள் என்ற சொல்லோடு கரு சேரும்போது ளகரம் டகரமாகி மஞ்சட்கரு ஆகிறதே, அதுவே திரிதல்தான். 'இயல்பிழத்தல்' என்பது கெடுதலின் பக்கம் சாய்கிறது. நடப்பதோ திரிதல். அதனால் 'இயல்பு திரிதல்' என்று சொல்வதே சரி என்பது என் எண்ணம். புரதம் என்ற சொல் முன்னால் வந்துவிட்டால் வெறும் 'திரிதல்' போதும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். விளக்குத் திரி, கயிறு திரித்தல் என்று முறுக்குவதற்கும் இதே சொல் வரும். புரதத்தில் நடப்பது முறுக்கு அவிழ்வது. ஆகவே இங்கே மாறுதல் என்ற பொருளை மட்டும் எடுக்க வேண்டும்.

சரி, அந்த ஒரு சொட்டு மஞ்சள் என்ன செய்தது? மஞ்சள்கருவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. அதோடு லெசித்தின் என்று ஒரு பொருள், ஒரு பக்கம் தண்ணீரையும் மறுபக்கம் எண்ணெயையும் பிடிக்கக்கூடியது. காற்றும் தண்ணீரும் சந்திக்கிற விளிம்பில்தான் இவற்றுக்கும் இடம் வேண்டும். சிறியவையாக இருப்பதால் புரதம் அவிழ்ந்து வருவதற்கு முன்னமே ஓடிவந்து அந்த இடத்தைப் பிடித்துவிடும். பிடித்தாலும் பக்கத்தில் உள்ளதோடு பின்னிக்கொள்ளாது. கதியால் நட்டு, குறுக்குத் தடி வைத்துக் கட்டின வேலியை நினைத்துப் பாருங்கள். இடையிடையே கட்டாத கதியால்கள் நின்றால், தூரத்தில் வேலி முழுசாகத்தான் தெரியும். மாடு ஒருக்கால் முட்டினால் அந்த இடத்தில் திறந்துவிடும். சின்னம்மாவின் கோப்பையில் குமிழி வந்ததும் உடைந்ததும் அப்படித்தான்.

எண்ணெய்ப் பிசுக்கும் இதையேதான் செய்யும். அன்றைக்குக் கோப்பையும் பிளாஸ்ரிக். பட்டர் குழைத்த பிளாஸ்ரிக்கை எத்தனை தரம் கழுவினாலும் கீறல்களுக்குள் நெய் நிற்கும், விரலால் தேய்த்தால் வழுக்குவது தெரியும். தேங்காயெண்ணெய் பட்ட கையால் பீற்றர் கம்பியைத் தொட்டாலும் போதும்.

அந்த ஆறு வெள்ளைக்கருவும் வீணாகவில்லை, வெங்காயம் போட்டுப் பொரித்துச் சாப்பிட்டோம். அயல் வீட்டில் இன்னும் ஆறு முட்டை வாங்கி வந்து, இந்த முறை ஒவ்வொரு முட்டையையும் தனித்தனியாக ஒரு சின்னப் பேணியில் உடைத்தோம். மஞ்சள் கலக்காததை மட்டும் பெரிய சட்டிக்கு மாற்றினோம். மூன்றாவது முட்டையில் மறுபடியும் ஒரு பொட்டு மஞ்சள் விழுந்தது. உடைந்த கோதின் கூர் விளிம்பால் அதைக் கோலி எடுத்தோம், விரலைவிடக் கோது நன்றாக வெட்டி எடுக்கும். சூட்டில் சில நாள் கிடந்த முட்டையில் மஞ்சளைச் சுற்றியுள்ள சவ்வு தளர்ந்திருக்கும், லேசில் உடையும். குளிர்ந்த முட்டையைப் பிரிப்பது எளிது. பிரித்த வெள்ளைக்கரு அறைச்சூட்டுக்கு வந்த பிறகு அடித்தால் நுரை விரைவாக எழும்.

பிளாஸ்ரிக்கை விட்டு எவர்சில்வர் சட்டி எடுத்தோம். அதைக் கொதிநீரில் கழுவித் துடைத்து, பாதித் தேசிக்காயால் உள்ளே தேய்த்தோம். அப்புறம் ஆறு வெள்ளைக்கருவுக்கு இரண்டு தேக்கரண்டி தேசிப்புளி விட்டோம். புளிக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது. வலை அளவோடு பின்ன வேண்டும். அளவுக்கு மேலே பின்னினால் இறுகி, உள்ளே பிடித்த தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். மிதமிஞ்சி அடித்த நுரையைப் பார்த்தவுடன் தெரியும்: பளபளப்புப் போய், திட்டுத் திட்டாகப் பஞ்சு மாதிரி உடையும், சட்டியின் அடியில் தண்ணீர் ஊறும். புரதங்கள் ஒன்றையொன்று கந்தகப் பிணைப்பால் இறுகப் பிடிப்பதைப் புளி தடுக்கிறது, அதனால் அந்தக் கட்டம் தள்ளிப்போகும்.

நுரை மென்மையாக எழுந்த பிறகு 90 கிராம் சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினோம். முதலிலேயே போட்டிருந்தால் சீனி புரதம் அவிழ்வதைத் தாமதப்படுத்தியிருக்கும். பின்னால் போட்டால் குமிழிச் சுவரில் உள்ள தண்ணீரைத் தடிப்பாக்கி, நுரை இறங்காமல் பிடித்துக்கொள்ளும். சின்னம்மா பீற்றரைத் தூக்கினார். முனையில் நின்ற நுரை கொம்பு மாதிரி நிமிர்ந்து, நுனி மட்டும் கிளியின் மூக்குப் போலச் சற்று வளைந்தது. அந்த இடத்தில் நிறுத்த வேண்டும்.

"இப்ப மஞ்சளைக் கலக்கப் போறம், அது கெடுக்காதோ?" என்று சின்னம்மா கேட்டார். நல்ல கேள்வி. வலை பின்னி முடிந்த பிறகு வருகிற மஞ்சளுக்கு விளிம்பில் இடம் கிடைப்பது கடினம். கொஞ்ச நேரம் நுரை தாங்கும், மெதுவாக மடித்துச் சேர்த்து உடனே அடுப்பில் வைத்துவிட வேண்டும். மற்ற 90 கிராம் சீனியோடு மஞ்சள்கருக்களை வெளிறும் வரை அடித்து, நுரையோடு மடித்து, 180 கிராம் மாவைச் சலித்துச் சேர்த்தோம். பேக்கிங் பவுடர் போடவில்லை. நுரையை உடைத்தது மஞ்சளின் லெசித்தின்தான், பட்டரும் பாலும் சேர்கிற கேக்கில் எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் பிடித்து வைப்பதும் அதுவேதான்.

180 பாகை அவணில் அரை மணி நேரம். இங்கே இரண்டாவது திரிதல் நடக்கிறது, இந்த முறை சூட்டால். அடித்தபோது அவிழ்ந்து வலையானவை பெரும்பாலும் சில குறிப்பிட்ட புரதங்கள்தான். வெள்ளைக்கருப் புரதத்தில் பாதிக்கு மேல் உள்ள ஓவல்புமின் அடிக்கு அதிகம் அசையாமல் அப்படியே கிடந்தது. குமிழிக்குள் காற்றும் நீராவியும் விரிந்து கேக்கை உயர்த்திக்கொண்டு போக, 80 பாகையை அண்டியதும் அந்த ஓவல்புமின் திரிந்து கெட்டியாகிறது. அடித்ததால் வந்தது தற்காலிகச் சுவர், சூட்டால் வருவது நிரந்தரச் சுவர். நடுவில் அவணைத் திறந்தால் அந்த நிரந்தரச் சுவர் இறுகுவதற்கு முன் காற்றுச் சுருங்கிக் கேக் நடுவில் குழி விழும்.

சின்னம்மாவின் கேக் குழி விழவில்லை. ஈர்க்கில் குத்திப் பார்த்தார், மா ஒட்டாமல் வெளியே வந்தது.